2039-இல் ஒரு மேடு

2001 டிசம்பரில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலிருந்து நான்கு பேர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதிலிருந்த வரைபடத்தை வெளியாள் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. மேலும் கீழுமாகக் குதிக்கும் படிகள், அவ்வளவுதான். அந்தப் படிகளுக்கு நடுவே, 2039 என்ற எண்ணுக்கு மேலே, ஒரு சிறு மேடு தெரிவதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். அது உண்மையென்றால், நியூட்ரினோ என்ற துகள் தனக்குத் தானே எதிர்த்துகள் என்று ஆகிவிடும்.

கட்டுரையின் முதல் ஆசிரியர் ஹான்ஸ் கிளாப்டோர்-கிளைன்குரோட்ஹாவுஸ். இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் 1990 முதல் ஜெர்மேனியப் படிகங்களை வைத்துக் காத்திருந்த ஹைடல்பெர்க்-மாஸ்கோ குழுவின் தலைவர். குழுவிலிருந்த மற்றவர்கள் அந்தக் கட்டுரையில் பெயர் போடவில்லை. அடுத்த சில வாரங்களிலேயே வேறு ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். அந்த மேடு இருக்கிறதா இல்லையா என்பது தெளிவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

நியூட்ரினோ என்றதும் நம்மூர் வாசகர்களுக்குத் தேனி பொட்டிபுரம் நினைவுக்கு வரும். அங்கே திட்டமிடப்பட்டது வேறு சோதனை. வளிமண்டலத்தில் பிறந்து பூமியை ஊடுருவி வரும் நியூட்ரினோக்களை ஐம்பதாயிரம் டன் இரும்பை வைத்துப் பிடிப்பது அதன் நோக்கம். இங்கே சொல்லப்போகும் சோதனையில் நியூட்ரினோவை யாரும் பிடிப்பதில்லை. நியூட்ரினோ வெளியே வராமல் போவதைத்தான் பார்க்கிறார்கள்.

அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலெக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் வெளியேறுகின்றன. இதுதான் பீட்டா சிதைவு. ஜெர்மேனியம்-76 என்ற ஐசோடோப்பால் இதைச் செய்ய முடியாது. அதன் கருவில் 32 புரோட்டான்களும் 44 நியூட்ரான்களும் இருக்கின்றன. ஒரு நியூட்ரான் மாறினால் அது ஆர்சனிக்-76 ஆக வேண்டும். ஆனால் ஆர்சனிக்-76 அதைவிட நிறை கூடியது. மேலே ஏற ஆற்றல் இல்லை. இரண்டு படி தாண்டினால் செலினியம்-76 இருக்கிறது. அது நிறை குறைந்தது. ஆகவே இரண்டு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் மாறினால் மட்டும் இந்தக் கருவால் கீழே இறங்க முடியும். அப்போது மிஞ்சும் ஆற்றல் 2039 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். வரைபடத்திலிருந்த எண் இதுதான்.

இப்படி இரட்டையாகச் சிதையலாம் என்று 1935-இல் கணக்கிட்டுச் சொன்னவர் மரியா கோப்பெர்ட்-மேயர். மிக அபூர்வமாக நடக்கும் என்றும் அப்போதே சொல்லிவிட்டார். கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மோவின் குழு செலினியம்-82-இல் அதை நேரடியாகக் கண்டது 1987-இல். ஜெர்மேனியம்-76-க்கு இந்தச் சிதைவின் அரை ஆயுள் சுமார் 2 × 10²¹ ஆண்டுகள். அதாவது 2-க்குப் பின்னால் 21 பூஜ்யங்கள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். இருந்தும் ஒரு கிலோ ஜெர்மேனியம்-76-ஐ எதிரே வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,700 தடவை இது நடப்பதைப் பார்க்கலாம். அந்தக் கட்டியில் அவ்வளவு அணுக்கள் இருக்கின்றன.

இது சாதாரண இரட்டைச் சிதைவு. இரண்டு எலெக்ட்ரான்கள், இரண்டு எதிர்நியூட்ரினோக்கள். இயற்பியல் விதி எதுவும் மீறப்படவில்லை.

சிக்கல் எத்தோரே மயோரானாவிடமிருந்து வந்தது. சிசிலித் தீவில் பிறந்த இத்தாலிய இயற்பியலாளர். எழுதியது குறைவு, எழுதியதை வெளியிடவும் தயங்குபவர். 1937-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் அவர் காட்டியது இது: எலெக்ட்ரானுக்கும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானுக்கும் மின்சுமை நேரெதிராக இருக்கிறது. அவற்றைக் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. மின்சுமையே இல்லாத அடிப்படைத் துகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அதற்குத் தனியாக எதிர்த்துகள் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. துகளும் எதிர்த்துகளும் ஒன்றாகவே இருக்கலாம். நியூட்ரானுக்கும் மின்சுமை இல்லையே என்று கேட்கத் தோன்றும். நியூட்ரான் அடிப்படைத் துகள் அல்ல. அதற்குள் மின்சுமையுள்ள குவார்க்குகள் இருக்கின்றன. அவற்றைத் தலைகீழாக்கினால் வேறொரு துகள் கிடைத்துவிடும். நியூட்ரினோவுக்குள் அப்படி ஏதும் இல்லை. மறு ஆண்டு மார்ச்சில், பலேர்மோவிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கப்பலேறிய மயோரானா காணாமல் போனார். அப்போது அவருக்கு வயது 31. அதைப் பற்றி இத்தாலியில் இன்றுவரை புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நமக்கு அவருடைய துகள்தான் முக்கியம்.

1939-இல் வெண்டெல் ஃபரி இந்த எண்ணத்தை இரட்டைச் சிதைவோடு சேர்த்தார். முதல் நியூட்ரான் மாறும்போது ஓர் எதிர்நியூட்ரினோ பிறக்கிறது. நியூட்ரினோ ஒன்று வந்து மோதினாலும் நியூட்ரான் புரோட்டானாக மாறும். அதுவும் தெரிந்த விஷயம். எதிர்நியூட்ரினோவும் நியூட்ரினோவும் ஒரே துகள் என்றால், முதல் நியூட்ரான் விட்டதை இரண்டாவது நியூட்ரான் கருவுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளலாம். வெளியே வருவது இரண்டு எலெக்ட்ரான்கள் மட்டும். நியூட்ரினோ இல்லாத இரட்டைப் பீட்டா சிதைவு என்பது இதுதான். எதிர்த்துகள் ஒன்றுகூடத் தோன்றாமல் இரண்டு எலெக்ட்ரான்கள் மட்டும் புதிதாகப் பிறக்கின்றன. பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் போய்ப் பொருள் மட்டும் மிஞ்சியது ஏன் என்று தேடுகிறவர்கள் இந்தச் சிதைவின் மேல் கண் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதை இன்னும் எளிதாகச் சோதிக்கலாமே என்று தோன்றும். 1950-களில் ரேமண்ட் டேவிஸ் அதைத்தான் செய்தார். அணு உலையிலிருந்து வெள்ளமாய் வருவது எதிர்நியூட்ரினோ. நியூட்ரினோ மோதினால் குளோரின்-37 ஆர்கான்-37 ஆக மாறும். இரண்டும் ஒன்றென்றால் உலைக்குப் பக்கத்தில் வைத்த குளோரினில் ஆர்கான் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. அப்படியானால் இரண்டும் வேறு வேறு என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

சில ஆண்டுகளிலேயே அந்த முடிவு ஆட்டம் கண்டது. நியூட்ரினோவுக்குச் சுழற்சி உண்டு. சுழற்சியின் திசை அது செல்லும் திசையோடு ஒத்துப்போனால் வலக்கைத் துகள் என்றும், எதிராக இருந்தால் இடக்கைத் துகள் என்றும் சொல்வார்கள். பீட்டா சிதைவில் எலெக்ட்ரானோடு பிறப்பது வலக்கை. ஒரு நியூட்ரானை மாற்ற வல்லது இடக்கை. டேவிஸின் குளோரின் வினை புரியாமல் இருந்தது துகள் வேறாக இருந்ததாலா, கை மாறி வந்ததாலா? அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

கையை மாற்ற ஒரு வழி இருக்கிறது, நிறை. நிறையே இல்லாத துகள் ஒளியின் வேகத்தில் போகும். அதன் கை ஒருபோதும் மாறாது. கொஞ்சம் நிறை இருந்தால் வேகம் ஒளிக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதை முந்திச் செல்லும் ஒருவர் திரும்பிப் பார்த்தால் துகள் பின்னோக்கிப் போவதாகத் தெரியும். சுழற்சி மட்டும் அப்படியே இருக்கும். எனவே வலக்கை அவருக்கு இடக்கை. ஆக நிறையுள்ள நியூட்ரினோவில் தவறான கை மிகச் சிறிய அளவில் கலந்தே இருக்கிறது. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதை 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே உறுதிசெய்தது. எவ்வளவு நிறை என்பது தெரியாவிட்டாலும் எலெக்ட்ரானின் நிறையில் லட்சங்களில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது தெரியும். நியூட்ரினோ இல்லாத சிதைவு நடக்கும் வேகம் அந்த நிறையின் இருமடியைப் பொறுத்தது. நிறை பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். இந்தச் சிதைவு இவ்வளவு அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். நடந்தால் அதிலிருந்து நியூட்ரினோவின் நிறையைக் கணக்கிட முடிவதற்கும் இதுவே காரணம்.

கருவுக்குள் நியூட்ரினோ கைமாறாமல், நமக்குத் தெரியாத வேறொரு கனத்த துகள் அந்த வேலையைச் செய்திருந்தால்? 1982-இல் ஷெக்டரும் வாயேவும் இதற்கும் பதில் கண்டார்கள். எந்த வழியில் நடந்திருந்தாலும் சரி, இந்தச் சிதைவு ஒருமுறை நடக்குமானால், நியூட்ரினோவுக்கு மயோரானா சொன்ன வகை நிறை கொஞ்சமாவது இருந்தே ஆக வேண்டும் என்று நிறுவினார்கள். சோதனை செய்பவர்களுக்கு அது பெரிய தெம்பு. எப்படி நடந்தது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடந்ததா என்பதைக் காட்டினால் போதும்.

காட்டுவது எப்படி? நான்கு பேருக்கு ஒரு தொகையைப் பங்கு பிரிக்கிறார்கள், இருவர் பங்கை மட்டும் நாம் எண்ணிப் பார்க்க முடியும் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொகை வரும், முழுத் தொகை வரவே வராது. பங்காளிகளே இருவர்தான் என்றால் எப்போது எண்ணினாலும் முழுத் தொகைதான். எலெக்ட்ரான்கள் இரண்டின் ஆற்றலையும் கூட்டிப் பார்த்தால் சாதாரணச் சிதைவு 2039-க்குக் கீழே பரந்து கிடக்கும் ஒரு மலையாகத் தெரியும். நியூட்ரினோ இல்லாத சிதைவு சரியாக 2039-இல் ஒரு கூர்மையான மேடாக நிற்கும். ஜெர்மேனியத்தில் இன்னொரு வசதியும் உண்டு. அது ஒரு குறைகடத்தி. கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளே அதைக் கொண்டு செய்யப்படுகின்றன. சிதைகிற பொருளே அளக்கிற கருவியாகவும் இருக்கலாம் என்பதை 1967-இல் மிலானைச் சேர்ந்த எத்தோரே ஃபியோரினி செய்து காட்டினார். இயற்கை ஜெர்மேனியத்தில் 76 என்ற ஐசோடோப்பு 7.8 சதவீதம்தான், சோதனைக்காக அதை 86 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டுகிறார்கள்.

இனி ஹைடல்பெர்க் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2004-இல் அவர்கள் திருத்திச் சொன்ன அரை ஆயுள் சுமார் 1.2 × 10²⁵ ஆண்டுகள். ஒரு கிலோ ஜெர்மேனியம்-76-இல் கிட்டத்தட்ட 8 × 10²⁴ அணுக்கள் இருக்கின்றன. அதை 0.693-ஆல் பெருக்கி அரை ஆயுளால் வகுத்தால் ஆண்டுக்கு அரைச் சிதைவு, அதாவது கிலோவுக்கு இரண்டாண்டில் ஒன்று. அவர்கள் சேர்த்த தரவு 71.7 கிலோ-ஆண்டு. செறிவையும் கணக்கில் கொண்டால் மொத்தம் 28 சிதைவுகள். பத்தாண்டுக்கும் மேலான உழைப்பில் 28 எண்ணிக்கை. அந்த 28-ம் வேறெதுவும் அல்ல என்று காட்ட வேண்டும்.

அங்கேதான் இடித்தது. பாறையிலும் செம்பிலும் கம்பியிலும் யுரேனியத்தின் சுவடு எப்போதும் உண்டு. அதன் வழிவந்த பிஸ்மத்-214 வெளியிடும் பல காமா கதிர்களில் வலுக் குறைந்த சில 2010, 2017, 2022, 2053 ஆகிய ஆற்றல்களை ஒட்டி வருகின்றன. 2039-க்கு இரு பக்கமும் காவல் நிற்பதுபோல. அவற்றின் உயரத்தை எப்படி மதிப்பிடுகிறோம், எவ்வளவு அகலமான பகுதியை எடுத்துப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து நடுவிலிருக்கும் மேடு எழும்பும், அமுங்கும். அதோடு 2030-ஐ ஒட்டி யாராலும் அடையாளம் சொல்ல முடியாத இன்னொரு மேடும் அதே வரைபடத்தில் இருந்தது. காரணம் தெரியாத ஒரு மேடு இருக்கும் இடத்தில், பக்கத்து மேட்டுக்கு மட்டும் காரணம் தெரியும் என்று சொல்வது என் பார்வையிலும் கொஞ்சம் அவசரம்தான்.

வாதத்தால் இதைத் தீர்க்க முடியாது. அதே தனிமத்தில், பின்னணி இரைச்சல் பத்தில் ஒன்றாக உள்ள இன்னொரு சோதனை வேண்டும். அதற்காக அதே கிரான் சாஸ்ஸோவில் கட்டப்பட்டது ஜெர்டா. மத்திய இத்தாலியில் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டிக் குடையப்பட்ட ஆய்வகம் அது. தலைக்கு மேலே 1,400 மீட்டர் பாறை. வானிலிருந்து விழும் மியூவான்களில் பத்து லட்சத்தில் ஒன்றுதான் உள்ளே வரும். பத்து மீட்டர் விட்டமுள்ள தண்ணீர்த் தொட்டி, அதற்குள் 64 கன மீட்டர் திரவ ஆர்கான், அதற்குள் ஜெர்மேனியப் படிகங்கள். வழக்கமாக ஜெர்மேனியக் கருவியைச் சுற்றி உலோகப் பெட்டி இருக்கும். கதிரியக்கச் சுவடு ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான் என்பதால், பெட்டியையே எடுத்துவிட்டுப் படிகங்களை வெறுமனே கயிற்றில் கோத்ததுபோல் ஆர்கானுக்குள் இறக்கினார்கள். முதல் கட்டத்தில் இறக்கிய படிகங்களில் ஹைடல்பெர்க்-மாஸ்கோ சோதனையின் படிகங்களும் இருந்தன. மேடு கண்டதாகச் சொன்ன அதே படிகங்கள்.

வெள்ளோட்டத்திலேயே ஒரு தொல்லை. பின்னணி எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. தேடியதில் குற்றவாளி ஆர்கானே என்று தெரிந்தது. காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஆர்கானில் ஆர்கான்-42 சிறிதளவு உண்டு. அது சிதைந்து பொட்டாசியம்-42 ஆகிறது. பிறக்கும்போது மின்னேற்றம் பெற்றிருக்கும் அந்தப் பொட்டாசியத்தை, படிகங்களுக்குக் கொடுத்திருந்த உயர் மின்னழுத்தம் தன் பக்கம் இழுத்துப் படிகத்தின் மேலேயே ஒட்டவைத்தது. அங்கே அது சிதையும்போது வெளிவரும் எலெக்ட்ரானின் ஆற்றல் 3,500 வரை போகும். 2039-ஐ மூழ்கடிக்க அது போதும். படிகக் கோவையைச் சுற்றி மெல்லிய செம்புத் தகட்டில் ஓர் உறை போட்டு, மின்புலத்தையும் அயனிகளையும் தடுத்தார்கள். பின்னணி இறங்கியது. இரண்டாம் கட்டத்தில் செம்பை எடுத்துவிட்டு நைலான் உறை போட்டார்கள். கதிர் பட்டால் ஆர்கான் ஒளிரும். அந்த ஒளியைக் கண்டால் சிதைவு வெளியிலிருந்து வந்தது என்று தள்ளிவிடலாம். செம்பு அந்த ஒளியை மறைத்துவிடும்.

இன்னொரு சல்லடை மின்துடிப்பின் வடிவம். சிதைவில் பிறக்கும் இரண்டு எலெக்ட்ரான்களும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். ஆற்றல் ஒரே புள்ளியில் இறங்கும். காமா கதிர் அப்படியல்ல, இங்கே ஒரு தட்டு, ஒரு சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு தட்டு என்று போகும். துடிப்பின் வடிவத்தில் இந்த வேறுபாடு தெரிகிறது. புதிய படிகங்களைச் செய்யும்போது வேறொரு கவலை. தரைக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு நாளும் விண்கதிர்கள் ஜெர்மேனியத்துக்குள்ளேயே ஜெர்மேனியம்-68, கோபால்ட்-60 போன்றவற்றை உண்டாக்கும். எனவே விண்கதிர் அதிகமுள்ள உயரத்தில் பறக்கும் விமானத்தில் இதை ஏற்றுவதில்லை. ரஷ்யாவில் செறிவூட்டியதை இரும்புக் கவசமிட்ட பெட்டியில் தரைவழியாகவும் கடல்வழியாகவும் கொண்டுபோனார்கள். பெல்ஜியத்தில் கருவியாக்கிய நாட்களிலும், வேலை நடக்காத நேரத்தில் அதை நிலத்தடி ஆய்வகத்தில்தான் வைத்திருந்தார்கள்.

ஹைடல்பெர்க் சண்டையிலிருந்து கற்ற பாடம் ஒன்றும் ஜெர்டாவில் இருந்தது. 2039-ஐச் சுற்றி இருபுறமும் 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையுள்ள பதிவுகளைக் கணினி யாருக்கும் காட்டாமல் ஒதுக்கி வைத்தது. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற விதிகளையெல்லாம் மற்ற பகுதிகளை வைத்தே முடிவுசெய்து பூட்டிய பிறகுதான் அந்தத் திரையை விலக்கினார்கள். விதியை மேட்டுக்கு ஏற்றபடி வளைத்தார்கள் என்று பின்னால் ஒருவரும் சொல்ல முடியாது.

2013-இல் திரை விலகியது. அதுவரை சேர்ந்தது 21.6 கிலோ-ஆண்டு. ஹைடல்பெர்க் கணக்கு சரியென்றால் சிதைவுகள் ஏறத்தாழ ஆறு, பின்னணி இரண்டு, ஆக எட்டு எண்ணிக்கை தெரிய வேண்டும். தெரிந்தவை மூன்று. 2039-க்கு மிக நெருக்கத்தில் ஒன்றுகூட இல்லை. 2019 வரை ஓடிய ஜெர்டா 2020-இல் வெளியிட்ட இறுதி முடிவின்படி அரை ஆயுள் 1.8 × 10²⁶ ஆண்டுகளுக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு கிலோவில் முப்பது ஆண்டுக்கு ஒரு சிதைவுகூடக் கிடைக்காது. பின் அதே தொட்டியில் அமைந்த லெஜண்ட்-200, தன் முதல் தரவை ஜெர்டாவின் தரவோடும் அமெரிக்காவின் மயோரானா சோதனைத் தரவோடும் சேர்த்து 2025-இல் அந்த எல்லையை 1.9 × 10²⁶ ஆக்கியிருக்கிறது. அடுத்து வரவிருக்கும் லெஜண்ட்-1000 ஒரு டன் ஜெர்மேனியத்தோடு 10²⁸ ஆண்டுகளை எட்டப் பார்க்கிறது. அந்த எல்லையில் ஒரு டன்னுக்கு இரண்டாண்டில் ஒரு சிதைவு. அதற்காகப் பொட்டாசியத் தொல்லை இல்லாதபடி, நிலத்துக்கடியிலிருந்து எடுத்த ஆர்கானைப் பயன்படுத்தத் திட்டம்.

இல்லை என்ற விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதிலும் கவனம் வேண்டும். ஜெர்டாவின் எல்லையை நியூட்ரினோ நிறையாக மாற்றினால் ஒரே எண் கிடைப்பதில்லை. 79 முதல் 180 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் என்று ஒரு வீச்சுதான் கிடைக்கிறது. கருவுக்குள் 76 துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் நிலையைத் துல்லியமாகக் கணக்கிட யாராலும் முடியவில்லை. வெவ்வேறு முறைகள் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. அதோடு, நியூட்ரினோக்கள் மூன்று வகை. நிறைகளின் வரிசை ஒரு விதமாக அமைந்துவிட்டால், மூன்றின் பங்கும் ஒன்றையொன்று அடித்து இந்தச் சிதைவை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். அப்போது நியூட்ரினோ மயோரானா சொன்னபடியே இருந்தாலும் எந்தச் சோதனையும் அதைக் காணாது. கண்டால் உறுதி, காணாவிட்டால் உறுதியில்லை என்ற ஒருபக்க வழக்கு இது.

கண்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விடை இப்போதே தயாராக இருக்கிறது. 2039-இல் மேடு எழுந்தால், அதே சிதைவு செனான்-136-இல் 2458-இலும் டெல்லூரியம்-130-இல் 2528-இலும் எழ வேண்டும். ஜெர்மேனியக் கருவியை ஏமாற்றும் ஏதோவொரு காமா கதிருக்கு இந்த எண்கள் தெரியாது. ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில் காம்லாண்ட்-ஜென் சோதனை 745 கிலோ செனானை ஒளிரும் திரவத்தில் கரைத்து ஒரு நைலான் பலூனுக்குள் வைத்திருந்தது. 2024-இல் அது சொன்ன எல்லை 3.8 × 10²⁶ ஆண்டுகள். அளவில் ஜெர்மேனியத்தை அது மிஞ்சிவிட்டது. கூர்மையில் இல்லை. ஜெர்மேனியத்தில் மேட்டின் அகலம் மூன்றுக்குள் அடங்கும். காம்லாண்டில் இருநூறைத் தாண்டும். அதனால் சாதாரணச் சிதைவின் வால்பகுதியே மேட்டுக்குள் வழிந்து வந்துவிடுகிறது. கிரான் சாஸ்ஸோவிலேயே இன்னொரு மண்டபத்தில், 988 டெல்லூரியம் ஆக்சைடு படிகங்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு நூறில் ஒரு பாகை மேலே குளிரவைத்து, ஒரு சிதைவு உண்டாக்கும் சூட்டை அளக்கிறது குவோரே. மூன்று தனிமம், மூன்று முறை, மூன்றுக்கும் பலவீனம் வேறு வேறு இடத்தில். அடுத்த முறை யாராவது ஒரு மேட்டைக் கண்டதாக அறிவித்தால் மற்ற இருவரும் முதலில் திறந்து பார்ப்பது தங்கள் வரைபடத்தில் அதற்கு நேரான எண்ணைத்தான்.